பென் டிரைவில் 12 ஜிபி வீடியோவுக்குப் பதினேழு நிமிடம், 12 ஜிபி ஸ்கேன் படங்களுக்கு மூன்று மணி நாற்பது நிமிடம்: ஏன்?

பாலக்கோடு ஸ்கேன் கடை
9 ஜூன் 2025, காலை 10:20

பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து பக்கத்துக்கு ஒரு படமாகச் சேமித்துக் கொடுக்கும் வேலை எங்களுடையது. இப்போது கையில் இருப்பது ஏறத்தாழ 60,000 பக்கங்கள். ஒவ்வொன்றும் சுமார் 200 கேபி, மொத்தம் 12 ஜிபி. தர்மபுரியில் உள்ள வாடிக்கையாளருக்கு இதை 64 ஜிபி பென் டிரைவில் தர வேண்டும். நகலெடுத்து முடிக்க மூன்று மணி நாற்பது நிமிடம் ஆனது. அதே பென் டிரைவில், அதே கணினியிலிருந்து, 12 ஜிபி அளவுள்ள ஒரு திருமண வீடியோ பதினேழு நிமிடத்தில் ஏறிவிட்டது. கணினியின் பின்புறம் உள்ள நீல நிறத் துளைக்கு மாற்றியும் பார்த்தேன்; எந்த வேறுபாடும் தெரியவில்லை. கணினியில் இருப்பது விண்டோஸ் 10, சாதாரண ஹார்ட் டிஸ்க். பழுது பென் டிரைவிலா, துளையிலா?

தர்மபுரி அசெம்பிளர்
9 ஜூன், காலை 10:52

நீல நிறம் என்பதை மட்டும் வைத்து அது யூஎஸ்பி 3.0 என்று நம்ப முடியாது. விலை குறைந்த கேபினட்களில் முன்புறத் துளை நீலமாக இருக்கும். உள்ளே செல்லும் வயரோ பழைய 2.0 இணைப்பில் செருகப்பட்டிருக்கும். நான் கைவைத்த கணினிகளில் இது பலமுறை கண்ட கதை. 2.0 என்றால் காகிதத்தில் விநாடிக்கு 480 மெகாபிட், கையில் கிடைப்பது 30 முதல் 40 எம்பி, 3.0 என்றால் 5 ஜிகாபிட். பத்து மடங்கு வேறுபாடு. சரியான துளையில் போட்டால் உங்கள் சிக்கல் தீரும்.

ஓசூர் பராமரிப்பு
9 ஜூன், காலை 11:40

அசெம்பிளர் துளைகளைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அது இந்தக் கேள்விக்கு விடையாகாது. 12 ஜிபி வீடியோ பதினேழு நிமிடத்தில் ஏறியது என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 12 எம்பி. பழைய 2.0 துளையே இதைப் போல மூன்று மடங்கு தாங்கும். ஆகவே வீடியோ ஏறும்போதே துளையில் நெரிசல் இல்லை. பென் டிரைவ் எழுதும் வேகம்தான் அவ்வளவு. உறையின் மேல் 100 எம்பி என்று அச்சிட்டிருந்தால் அது படிக்கும் வேகம். எழுதும் வேகத்தை அச்சிடாமல் விடுவதே இத்தொழிலில் வழக்கம்.

இரண்டாவது கணக்கு இன்னும் தெளிவானது. மூன்று மணி நாற்பது நிமிடம் என்பது 13,200 விநாடிகள். அதில் 12 ஜிபி என்றால் விநாடிக்கு ஒரு எம்பிகூட முழுதாக இல்லை. அதே பென் டிரைவ், அதே துளை, அதே அளவு என்னும்போது மாறியது கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றுதான். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஒரு கண்டெய்னர் லாரி ஒருமுறை நின்று போகிறது; அதே சரக்கை 60,000 கார்களில் ஏற்றினால் 60,000 முறை நிற்க வேண்டும், அதற்கு அப்பால் சாலை எத்தனை வழியாக இருந்தாலும் சரி.

ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். ஆயிரம் பக்கங்களை மட்டும் ஒரு கோப்புறையில் எடுத்து நகலெடுத்து நேரம் பாருங்கள். பிறகு அதே அளவுள்ள ஒற்றைக் கோப்பு ஒன்றை நகலெடுத்து நேரம் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஆயிரத்தால் வகுத்தால், ஒரு கோப்புக்கு ஆகும் தண்டச் செலவு கிடைக்கும்.

போச்சம்பள்ளி மாங்காய் மண்டி
9 ஜூன், பிற்பகல் 1:15

எனக்கும் இதே தொல்லை. மண்டியில் எட்டு கேமரா இருக்கிறது. சீசன் நேரத்தில் லோடு விஷயத்தில் ஒரு தகராறு வந்தால், ரெக்கார்டரில் பென் டிரைவைச் செருகி இரண்டு மணி நேரக் காட்சியை எடுக்கவே அரை நாள் போய்விடுகிறது. புதிய 3.0 பென் டிரைவ் வாங்கியும் பயனில்லை. கோப்பு எண்ணிக்கையும் அதிகம் இல்லை, பத்தோ பன்னிரண்டோதான்.

ஓசூர் பராமரிப்பு
9 ஜூன், பிற்பகல் 2:05

மண்டிக்காரரே, உங்களுடையது வேறு நோய். அந்த ரெக்கார்டர் எட்டு கேமராவையும் பதிவு செய்துகொண்டே, அதே ஹார்ட் டிஸ்கிலிருந்து பழைய காட்சியைத் தேடியெடுத்து உங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது. அதனுள் இருக்கும் பிராசசர் மிகச் சிறியது. முன்புறத் துளையும் பெரும்பாலும் 2.0ஆகவே இருக்கும். பென் டிரைவை மாற்றுவதால் அங்கே ஒன்றும் நடக்காது. ரெக்கார்டரை லேன் வயர் மூலம் கணினியோடு இணைத்து, தேவையான நேரத்தை மட்டும் வெட்டி இறக்கிப் பாருங்கள்.

பாலக்கோடு ஸ்கேன் கடை
9 ஜூன், மாலை 6:30

சோதனை செய்தேன். ஆயிரம் பக்கங்கள், 200 எம்பி: மூன்று நிமிடம் நாற்பது விநாடி. 200 எம்பி உள்ள ஒற்றை வீடியோத் துண்டு: பதினேழு விநாடி. இடைவெளி 203 விநாடி. அதாவது ஒரு கோப்புக்கு 0.2 விநாடி தண்டம். 60,000ஆல் பெருக்கினால் 12,000 விநாடி. அதோடு பதினேழு நிமிடத்தைக் கூட்டினால் எனக்கு ஆன நேரம் அப்படியே வந்து நிற்கிறது. கணக்கு ஒத்துப்போகிறது, ஆனால் காரணம் புரியவில்லை. 200 கேபி கோப்பு ஒன்றை எழுதி முடித்த பிறகு அந்த 0.2 விநாடியில் பென் டிரைவ் என்னதான் செய்கிறது?

நகலெடுக்கும்போது டாஸ்க் மேனேஜரையும் திறந்து பார்த்தேன். அந்த டிரைவின் Active time 100% என்று நிற்கிறது. எழுதும் வேகமோ 1 எம்பியைத் தொடவில்லை. ஓய்வே இல்லாமல் உழைத்துவிட்டு ஒன்றுமே செய்யாதது போல் இருக்கிறது.

ஓசூர் பராமரிப்பு
9 ஜூன், இரவு 9:10

அந்த 100 சதவீதமும் ஒரு எம்பியும் சேர்ந்து தெரிவதுதான் இந்த நோயின் அடையாளம். துளை மெதுவாக இருந்தால் இப்படி வராது. வேகம் 30, 40 எம்பியில் போய் ஒரே மட்டமாக நின்றுவிடும்.

ஒரு கோப்பை உருவாக்கும்போது அதன் உள்ளடக்கத்தை எழுதுவது மட்டும் வேலையன்று. கோப்புறைப் பட்டியலில் அதன் பெயரைப் பதிய வேண்டும், டிரைவில் எந்தெந்த இடங்கள் நிரம்பின என்ற அட்டவணையைத் திருத்த வேண்டும், எழுதி முடித்த பின் அளவையும் நேரத்தையும் குறிக்க மீண்டும் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். இவை ஒவ்வொன்றும் சில பைட்டுகள்தாம். ஆனால் ஃபிளாஷ் நினைவகத்தில், எழுதிய இடத்தின் மேலேயே திருத்தி எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பிறகே அங்கே மீண்டும் எழுத முடியும். எனவே சில பைட்டுகள் மாறினாலும், பென் டிரைவில் உள்ள கன்ட்ரோலர் அத்தொகுதியில் இருக்கும் மற்றவற்றை எடுத்துப் புதிய இடத்தில் வைத்து, பழையதை அழிக்கும் வேலையில் இறங்கிவிடுகிறது. எஸ்எஸ்டியில் உள்ள கன்ட்ரோலர் இதைத் திறமையாக ஒத்திவைத்துச் சேர்த்துச் செய்யும். நூற்றுக்கணக்கில் விலையுள்ள பென் டிரைவில் இருப்பதற்கு அந்த அறிவும் இல்லை, அதற்கான நினைவகமும் இல்லை.

விண்டோஸும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவுகளுக்கு Quick removal என்பதே இயல்பான அமைப்பு. சட்டென்று பிடுங்கினாலும் கோப்பு கெடக்கூடாது என்பதற்காக, எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கிவைக்காமல் உடனுக்குடன் அனுப்பிவிடுகிறது. பாதுகாப்புக்கு நல்லது, சிறு கோப்புகளுக்குத் தண்டனை.

தர்மபுரி அசெம்பிளர்
10 ஜூன், காலை 9:35

நேற்று இரவு என் வெளி எஸ்எஸ்டியில் சோதித்தேன். 12 ஜிபி வீடியோ முன்புற 2.0 துளையில் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, பின்புற 3.0 துளையில் முப்பத்தைந்து விநாடி. ஆகவே துளை முக்கியமில்லை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஒரு ஸ்டுடியோவுக்காக வைத்திருக்கும் 30,000 சிறு படங்களையும், 6 ஜிபி, போட்டுப் பார்த்தேன். பின்புறத்தில் இரண்டேகால் நிமிடம், முன்புறத்தில் ஐந்து நிமிடம். அங்கேயும் துளைதான் பேசுகிறது.

இன்னொன்று: ஆன்டிவைரஸ். ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துத்தான் விடும். அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஓசூர் பராமரிப்பு
10 ஜூன், காலை 10:25

அருமையான சோதனை. துளை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பென் டிரைவ் துளையை நிரப்ப முடியாதபோது துளையை மாற்றிப் பயனில்லை என்றேன். உங்கள் எண்களையே பிரித்துப் பாருங்கள். சிறு படங்களுக்குப் பின்புறத்தில் ஆன இரண்டேகால் நிமிடத்தில், 6 ஜிபியைக் கடத்துவதற்கு ஆனது பதினைந்து, இருபது விநாடிதான். மீதி இரண்டு நிமிடமும் கோப்புத் தண்டம். 30,000ஆல் வகுத்தால் ஒரு கோப்புக்கு 0.004 விநாடி. பாலக்கோட்டாரின் பென் டிரைவில் இது 0.2, ஐம்பது மடங்கு. முன்புறத் துளைக்கு மாறியபோது அந்த இரண்டு நிமிடம் மாறவில்லை. கடத்தும் நேரம் மட்டும் மூன்று நிமிடமாக ஏறியது. அளவை வேகத்தால் வகுத்து வருவது ஒரு நேரம், எண்ணிக்கையைத் தண்டத்தால் பெருக்கி வருவது இன்னொரு நேரம், இரண்டும் கூடுகின்றன. துளையும் டிரைவும் போட்டியிடுவது முதலாவதில் மட்டுமே. அங்கே இரண்டில் எது மெதுவோ அதுவே வேகம்.

துளை உண்மையிலேயே 3.0ஆ என்று அறிய எழுதிப் பார்க்காதீர்கள், படித்துப் பாருங்கள். ஏதாவது பெரிய வீடியோவைப் பென் டிரைவிலிருந்து கணினிக்கு இறக்குங்கள். வேகம் 40 எம்பியைத் தெளிவாகத் தாண்டினால் அது 2.0 அன்று. முதலில் டிரைவைக் கழற்றிச் செருகிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் சற்றுமுன் எழுதிய கோப்பைக் கணினி தன் நினைவகத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு உங்களை ஏமாற்றும்.

ஊத்தங்கரை ஆசிரியர்
10 ஜூன், பிற்பகல் 12:50

எங்கள் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் உள்ளது. அங்கே நிலைமை தலைகீழ். வினாத்தாள் கோப்புறையை நகலெடுத்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டதாகப் பெட்டி மூடிக்கொள்கிறது. ஒரு முறை அதை நம்பிப் பிடுங்கிச் சென்றதில், வகுப்பில் திறந்தபோது பாதிக் கோப்புகள் வெறுமையாக இருந்தன. அது நினைவகத்தில் தேக்கிவைத்துவிட்டு, பின்னணியில் மெதுவாக எழுதுகிறது என்பது பிறகே தெரிந்தது. இப்போது பிடுங்கும் முன் `sync` என்று தட்டி, அது முடியும்வரை காத்திருக்கிறேன். உண்மையான வேகத்தை அளக்க நினைப்பவர்கள் அந்த நேரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்:

```
time sh -c 'cp -r Scan /media/pen/ && sync'
```

துளை எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பதை `lsusb -t` நேரடியாகவே காட்டிவிடுகிறது. 480M என்றால் 2.0, 5000M என்றால் 3.0. இதில் ஒரு விந்தையைக் கண்டேன். அதே டிரைவ், அதே துளை, சில நேரம் 480M என்றும் சில நேரம் 5000M என்றும் காட்டுகிறது.

தர்மபுரி அசெம்பிளர்
10 ஜூன், பிற்பகல் 1:20

ஆசிரியரே, அது மெதுவாகச் செருகுவதால் வருவது. 3.0 துளையில் பழைய நான்கு தொடுபுள்ளிகளோடு ஐந்து புதிய புள்ளிகள் உண்டு. புதியவை சற்றுப் பிந்தியே தொடும். தயங்கித் தயங்கிச் செருகினால் பழைய நான்கும் முதலில் தொட்டு, 2.0ஆகவே அறிமுகமாகிவிடும். கழற்றி ஒரே மூச்சில் செருகுங்கள். துளையில் தூசி இருந்தாலும் இப்படி ஆவதுண்டு.

பாலக்கோடு ஸ்கேன் கடை
10 ஜூன், மாலை 7:05

படித்துப் பார்த்தேன்: பின்புற நீலத்துளையில் 90 எம்பிக்கு மேல் வருகிறது. ஆகவே துளை நல்ல துளைதான். ஆன்டிவைரஸில் அந்தக் கோப்புறைக்கு விலக்கு அளித்துவிட்டு அதே ஆயிரம் பக்கங்களை அனுப்பினேன். சில விநாடிகள்தான் குறைந்தன. Better performance என்ற அமைப்புக்கு மாற்றிப் பார்த்ததில் ஓரளவு குறைந்தது, ஆனால் நிமிடக் கணக்கில்தான் இன்னும் இருக்கிறது. அந்த அமைப்பில் வைத்தால் வாடிக்கையாளரின் பையன் வந்து சட்டென்று பிடுங்கிச் செல்வான் என்பதால் பழையபடியே மாற்றிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். கணினியில் 12 ஜிபி இருக்கும் கோப்புறை பென் டிரைவில் ஏறக்குறைய 16 ஜிபி இடம் பிடிக்கிறது. இதுவும் அதே நோயா?

ஓசூர் பராமரிப்பு
10 ஜூன், இரவு 8:45

அது உறவுக்கார நோய். 64 ஜிபி டிரைவை விண்டோஸில் எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்தால், அது இடத்தை 128 கேபி கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கோப்பின் கடைசிக் கட்டம் பாதிதான் நிரம்பியிருந்தாலும் மீதியை வேறு கோப்புக்குத் தர முடியாது. சராசரியாக அரைக் கட்டம், 64 கேபி வீண். 60,000ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 4 ஜிபி. உங்கள் கணக்குக்குச் சரியாக வருகிறது.

வேகத்துக்கு வழி, எண்ணிக்கையைக் குறைப்பதுதான். எல்லாப் பக்கங்களையும் ஒரே கோப்பாகக் கட்டுங்கள். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை; மீண்டும் சுருக்க முயன்றால் நேரம்தான் வீணாகும். ஆகவே சுருக்காமல் வெறுமனே கட்டினால் போதும். F: என்பது பென் டிரைவ் என்று வைத்துக்கொண்டால்:

```
7z a -tzip -mx=0 F:\scan.zip D:\Scan
7z t F:\scan.zip
```

இரண்டாவது வரி, ஏறியது பழுதில்லாமல் ஏறியதா என்று சரிபார்க்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. உங்களுடையது எக்ஸ்ஃபேட் என்பதால் கவலையில்லை.

பாலக்கோடு ஸ்கேன் கடை
11 ஜூன், காலை 11:30

நாற்பத்தொரு நிமிடத்தில் முடிந்தது. மூன்று மணி நாற்பது நிமிடத்தோடு ஒப்பிட்டால் பெரிய ஆறுதல். ஆனால் வீடியோவுக்கு ஆன பதினேழு நிமிடத்தைவிட இதற்கு ஏன் இருபத்து நான்கு நிமிடம் கூடுதல்?

இரண்டாவது சங்கதி: முதல் மூன்று, நான்கு ஜிபி வரை வேகமாக ஓடி, பிறகு பாதியாகக் குறைந்துவிடுகிறது. வீடியோவிலும் இப்படித்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தால் பென் டிரைவின் உலோக உடல் நன்றாகச் சுடுகிறது.

ஓசூர் பராமரிப்பு
11 ஜூன், பிற்பகல் 12:15

கூடுதல் நேரம் உங்கள் ஹார்ட் டிஸ்கிலிருந்து வருகிறது. 60,000 கோப்புகளை அங்கிருந்து எடுக்கவும் ஒவ்வொன்றுக்கும் முள் நகர்ந்து போய் நிற்க வேண்டும், கோப்புக்கு 0.015 விநாடி என்றாலே பதினைந்து நிமிடம். மிச்ச ஒன்பது நிமிடத்துக்கு உறுதியான காரணம் சொல்ல இங்கிருந்து இயலாது. மூலக் கோப்புறை எஸ்எஸ்டியில் இருந்தால் இந்தப் பங்கு கரைந்துவிடும்.

வேகம் பாதியாவதற்குக் காரணம், டிரைவினுள் உள்ள வேகமான சிறு பகுதி நிரம்பிவிடுவது என்பது என் கணிப்பு. முதலில் அங்கே அவசரமாக எழுதிக்கொண்டு, இடம் தீர்ந்ததும் நேரடியாக மெதுவான பகுதிக்கு எழுதத் தொடங்குகிறது.

தர்மபுரி அசெம்பிளர்
11 ஜூன், பிற்பகல் 12:40

எனக்கு இதில் உடன்பாடில்லை. சுட்டால் கன்ட்ரோலர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தர்மபுரி வெயிலில், கடையில் மின்விசிறியின் கீழ் வைத்தாலே வேறுபாடு தெரிகிறது.

ஓசூர் பராமரிப்பு
11 ஜூன், பிற்பகல் 12:58

பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் இரண்டு காரணங்களிலும் வேகம் மீளும். அதனால் அந்தச் சோதனை எதையும் தீர்க்காது. ஒவ்வொரு முறையும் அதே ஜிபி அளவில் வேகம் விழுந்தால் என் கணிப்பு. டிரைவ் ஏற்கெனவே சூடாக இருக்கும்போது முன்னதாகவே விழுந்தால் உங்களுடையது. பாலக்கோட்டார் வீடியோவை அனுப்பிப் பார்த்தால் தெரியும்.

போச்சம்பள்ளி மாங்காய் மண்டி
11 ஜூன், பிற்பகல் 3:30

லேன் வயரில் இழுத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரக் காட்சி இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் தகராறு அதற்குள் பேசித் தீர்ந்துவிட்டது.

பாலக்கோடு ஸ்கேன் கடை
12 ஜூன், காலை 10:10

வாடிக்கையாளரிடமிருந்து புகார். ஜிப் கோப்பைப் பிரிக்காமல், பென் டிரைவில் வைத்தபடியே திறந்து பக்கம் பக்கமாகப் பார்க்க முயன்றிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கமும் திறக்க நேரமாகிறதாம். பிரித்து வைக்க அவர்களுடைய கணினியில் இடமும் இல்லையாம்.

ஊத்தங்கரை ஆசிரியர்
12 ஜூன், காலை 11:45

பதிவேட்டுக்கு ஒரு பிடிஎஃப் என்று கொடுத்துவிடலாமே. ஒரு பதிவேட்டுக்கு இருநூறு பக்கம் என்றால் முந்நூறு கோப்புகள், ஒவ்வொன்றும் 40 எம்பி. படத்தை மறுபடி சுருக்கித் தரத்தைக் கெடுக்கும் மென்பொருள்கள் பல உண்டு. `img2pdf` அப்படிச் செய்யாது, ஜேபெக்கை உள்ளபடியே வைத்துக் கட்டுகிறது. லினக்ஸில் நான் ஒவ்வொரு பதிவேட்டுக் கோப்புறைக்குள்ளும் சென்று தட்டுவது இது:

```
img2pdf *.jpg -o ../R001.pdf
```

பக்கங்களின் பெயர் 1, 2, 10 என்று இருந்தால் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். 001, 002 என்று மூன்று இலக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாலக்கோடு ஸ்கேன் கடை
13 ஜூன், மாலை 5:50

எங்கள் ஸ்கேனர் நான்கு இலக்கமாகவே பெயரிடுகிறது, வரிசை கெடவில்லை. பிடிஎஃப் ஆக்குவது இரவு முழுவதும் தானே ஓடியது. காலையில் முந்நூற்றுச் சொச்சம் கோப்புகளைப் பென் டிரைவுக்கு அனுப்பியதில் பதினெட்டு நிமிடம் ஆனது. இடமும் 12 ஜிபிக்குச் சற்று மேலேதான் பிடிக்கிறது.

வேகம் விழுவதைப் பற்றி: குளிர்ந்த டிரைவில் வீடியோவை அனுப்பியபோது 3.8 ஜிபியில் விழுந்தது. அதை அழித்துவிட்டு, சூடாக இருக்கும்போதே மீண்டும் அனுப்பினேன்; 1 ஜிபியைத் தாண்டும் முன்பே விழுந்துவிட்டது.

தர்மபுரி அசெம்பிளர்
13 ஜூன், மாலை 6:02

சூடுதான்.

ஓசூர் பராமரிப்பு
13 ஜூன், மாலை 6:20

அழித்த உடனே அனுப்பினால் அந்த வேகமான பகுதி காலியாக நேரமே கிடைத்திருக்காது. டிரைவைச் செருகியபடியே அரை மணி நேரம் சும்மா விட்டு, ஆனால் வெயிலில் வைத்துச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டு, மறுபடி அனுப்புங்கள்.